0.9-இல் தொடங்கி 1.83-இல் முடிந்த ஹீட்சிங்க்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோவைப் பக்கத்தில் பாலிடெக்னிக் ஆய்வகங்களுக்கு பவர் சப்ளை செய்து கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் நடந்தது இது. ஐந்து பேர் வேலை செய்யும் இடம். நான் அங்கே வடிவமைப்பைச் சரிபார்க்கப் போய்வருகிறவன். பொருள் எளிமையானது: 5 முதல் 15 வோல்ட் வரை மாற்றக்கூடிய, 2 ஆம்பியர் தரும் லீனியர் சப்ளை. உள்ளே சீரிஸில் ஒரே ஒரு 2N3055 டிரான்சிஸ்டர், பழைய உலோகத் தொப்பி போன்ற TO-3 உறையில். அது பின்பலகையில் உள்ள கருப்பு அலுமினிய ஹீட்சிங்க்கின் மேல், மைக்கா வைத்து மாட்டப்பட்டிருக்கும்.

ஒரு கோடைக்குப் பிறகு மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன. மூன்றிலும் கலெக்டரும் எமிட்டரும் ஷார்ட். போலி 2N3055 சந்தையில் நிறைய உண்டு என்பதால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் விழுந்தது. ஒன்றின் தொப்பியை ஹாக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தோம். போலியாக இருந்தால் உள்ளே சில்லு அரிசி மணி அளவுக்கு இருக்கும். இதில் சில்லு நல்ல பெரிதாகவே இருந்தது. (எந்த டிரான்சிஸ்டரையும் இப்படி அறுக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில ரேடியோ அலைவரிசை டிரான்சிஸ்டர்களின் உள்ளே பெரிலியம் ஆக்சைடு இருக்கும், அதன் தூள் நுரையீரலுக்கு விஷம்.) சரி, அடுத்த சந்தேகம் சூடு.

வடிவமைப்புக் கணக்கு காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும்போது டிரான்சிஸ்டருக்கு முன்னால் 20 வோல்ட் இருக்கும். மீதி 15 வோல்ட்டையும் டிரான்சிஸ்டரே தாங்க வேண்டும், அதாவது 30 வாட். ஹீட்சிங்க் விற்றவர் கொடுத்த தாளில் அதன் வெப்பத் தடை, அதாவது ஒவ்வொரு வாட்டுக்கும் ஏறும் சூடு, 1.2 டிகிரி. மைக்காவுக்கும் கிரீஸுக்கும் 0.4 என்று வைத்திருந்தார்கள். சில்லுக்குள் சூடு பிறக்கும் இடமான ஜங்ஷனிலிருந்து உறைக்கு 1.52, இது 2N3055 டேட்டாஷீட்டில் உள்ள உச்ச மதிப்பு. கோடையில் ஆய்வக அறை 40 டிகிரி என்று கொண்டால், ஜங்ஷனின் வெப்பநிலை Tj:

```
Tj = 40 + 30 × (1.2 + 0.4 + 1.52) = 134 °C
```

டேட்டாஷீட் 200 டிகிரி வரை அனுமதிக்கிறது. பட்டறையின் சொந்த எல்லை 150. கணக்குப்படி தாராளமாக இடம் இருந்தது. இந்த மூன்று தடைகளில் கடைசி ஒன்றை நம்மால் நேரடியாக அளக்க முடியாது, ஏனென்றால் ஜங்ஷனில் தெர்மோகப்புளை வைக்க வழியில்லை. முதல் இரண்டையும் அளக்கலாம். அதைச் செய்வது என்று முடிவானது.

முதல் அளவீடு

ஹீட்சிங்க்கை மேசை மேல் ஃபின்கள் மேலே பார்க்கப் படுக்க வைத்து, டிரான்சிஸ்டரை மாட்டி, பெஞ்ச் சப்ளையிலிருந்து 15 வோல்ட், 1 ஆம்பியர் கொடுத்தார்கள், 15 வாட். மல்டிமீட்டரோடு வந்த கே டைப் தெர்மோகப்புளின் முனையை ஒரு ஃபின்னின் மேல் டேப்பால் ஒட்டினார்கள். பத்து நிமிடம் கழித்து 44.5 டிகிரி. அறை 31. ஏற்றம் 13.5, அதை 15 வாட்டால் வகுத்தால் 0.9.

டேட்டாஷீட் சொன்ன 1.2-ஐவிட நன்றாக இருக்கிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஹீட்சிங்க் குற்றமற்றது என்று தாளில் எழுதியும் விட்டார்கள். நான் அன்று அங்கே இல்லை, இருந்திருந்தாலும் அந்த எண்ணைக் கேள்வி கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். கெட்ட செய்தியைத்தான் நாம் இரண்டாம் தடவை அளப்போம், நல்ல செய்தியை அப்படியே ஏற்றுக்கொள்வோம்.

டீ குடித்து வந்த பிறகு

அளந்த பையன் சப்ளையை அணைக்காமலே டீ குடிக்கப் போய்விட்டான். முப்பத்தைந்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் மீட்டரில் 57. மூத்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு, "அண்ணே, இது இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு" என்றான். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த ஆய்வு உண்மையில் தொடங்கியது.

ஹீட்சிங்க்கை கூரியர் எடை மெஷினில் வைத்துப் பார்த்தோம், 480 கிராம். ஒரு கிராம் அலுமினியத்தை ஒரு டிகிரி சூடாக்க 0.9 ஜூல் வேண்டும். ஆக மொத்தத்துக்கும் ஒரு டிகிரிக்கு 432 ஜூல். இதை வெப்பத் தடையால் பெருக்கினால் சூடாகும் வேகத்தின் நேர மாறிலி கிடைக்கும். தடை சுமார் 2 என்றால் 864 விநாடி, கிட்டத்தட்ட 14 நிமிடம். பத்து நிமிடத்தில் அது தன் முழு ஏற்றத்தில் பாதியைத்தான் எட்டியிருக்கும். முதல் நாள் அளந்தது வெப்பத் தடையை அல்ல, பாதி வழியில் போய்க்கொண்டிருந்த ஒரு வெப்பநிலையை.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. தொடக்கத்தில் 1.00 ஆம்பியராக இருந்த கலெக்டர் மின்னோட்டம் 1.08 ஆகியிருந்தது. டிரான்சிஸ்டர் சூடாகும்போது அதே பேஸ் வோல்ட்டேஜுக்கு அதிக மின்னோட்டம் ஓடும். ஆக 15 வாட் இப்போது 16.2 வாட். வகுக்கும் எண்ணே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. எமிட்டரில் 1 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தோம், அதை ஹீட்சிங்க்கிலிருந்து தள்ளி வைத்தோம். அப்புறம் மின்னோட்டம் அசையவில்லை. வோல்ட்டேஜையும் சப்ளையின் முனையில் பார்க்காமல் டிரான்சிஸ்டரின் உறைக்கும் எமிட்டர் பின்னுக்கும் நடுவே நேராகப் பார்த்தோம்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பதினைந்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் அரை டிகிரிக்குள் இருந்தால்தான் எழுதுவது. பொதுவாக அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முனையை எங்கே வைப்பது

டேப்பில் ஒட்டிய முனை பாதி உலோகத்தையும் பாதி காற்றையும் அளக்கிறது. போதாததற்கு, கம்பியே முனையிலிருந்து சூட்டை வெளியே இழுத்துக்கொண்டு போகும். மல்டிமீட்டரோடு வரும் தடித்த கம்பியில் இந்த இழுப்பு அதிகம்.

அதனால் 0.25 மில்லிமீட்டர் கம்பி உள்ள மெல்லிய தெர்மோகப்புள் இரண்டு வாங்கினோம். ஹீட்சிங்க்கின் அடித்தட்டில், டிரான்சிஸ்டருக்கு மிக அருகில், பக்கவாட்டிலிருந்து 1.2 மில்லிமீட்டர் துளையை 8 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் போட்டோம். துளையில் வெள்ளை கிரீஸை நிரப்பி முனையை உள்ளே தள்ளினோம். வெளியே வந்த கம்பியை உடனே காற்றில் தொங்கவிடாமல், ஐந்தாறு சென்டிமீட்டர் அலுமினியத்தோடு ஒட்டியபடியே கொண்டுபோய் அப்புறம் விட்டோம். அப்போது கம்பியின் அந்தப் பகுதியும் அதே சூட்டில் இருக்கும், முனையிலிருந்து எதுவும் வழிந்து போகாது.

பழைய மாதிரி ஃபின்னில் டேப் ஒட்டிய முனையையும் கூடவே விட்டு, 30 வாட்டில் இரண்டையும் ஒப்பிட்டோம். டேப் முனை 6 டிகிரி குறைவாகக் காட்டியது. டேப்புக்கு அடியில் கிரீஸ் தடவி, இன்னும் அகலமாக ஒட்டியபோது வித்தியாசம் 2 டிகிரியாகக் குறைந்தது. அந்த மீதி 2 டிகிரி அடித்தட்டுக்கும் ஃபின்னுக்கும் உண்மையாகவே உள்ள வித்தியாசம். முதலில் இருந்த 4 டிகிரி வெறும் ஒட்டுவேலையின் பிழை.

இரண்டு தெர்மோகப்புளையும் நம்பலாமா என்பதற்கு எளிய சோதனை செய்தோம். நொறுக்கிய ஐஸ் கலந்த தண்ணீரில் ஒன்று 0.3, மற்றது 1.1 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் 98-ம் 99-ம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் இங்கே 98.6 டிகிரியை ஒட்டியே கொதிக்கும், 100 வரும் என்று எதிர்பார்க்கக்கூடாது. நமக்குத் தேவை இரண்டு இடங்களின் வித்தியாசம் மட்டுமே. அதனால் தொடங்கும் முன் இரண்டு முனைகளையும் சேர்த்துக் கட்டி, அறைச் சூட்டில் அவற்றின் இடைவெளியைக் குறித்துக்கொண்டு பின்னால் கழித்தோம்.

சீலிங் ஃபேன்

இப்போது ஹீட்சிங்க்கை விற்றவரின் தாளில் உள்ள படத்தில் இருப்பது போல, ஃபின்கள் செங்குத்தாக நிற்க ஒரு மரச்சட்டத்தில் நிறுத்தினோம். 30 வாட். ஒரு மணி நேரத்தில் துளையில் 73 டிகிரியில் நின்றது, அறை 31. இன்னும் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதிவிடலாம் என்று இருக்கும்போது அளவு இறங்கத் தொடங்கியது. 71, 68, 66. வாட்டில் மாற்றம் இல்லை. மீட்டரில் கோளாறா என்று கம்பியை ஆட்டிப் பார்த்தோம். கடைசியில் நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து மேசையில் சால்டரிங் செய்துகொண்டிருந்தவர் வெக்கை தாங்காமல் சீலிங் ஃபேனை ஒன்றாம் நம்பரில் போட்டிருந்தார்.

அவ்வளவு மெல்லிய காற்று போதும். முழுதாக நிலைக்க விட்டபோது ஏற்றம் 42-இலிருந்து 31-க்கு வந்தது, அதாவது வெப்பத் தடை 1.4-இலிருந்து ஒன்றை ஒட்டி. டேட்டாஷீட் எண் அசையாத காற்றுக்கானது. அதன் பிறகு எல்லா அளவீடுகளையும் ஞாயிற்றுக்கிழமைகளில், ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் எடுத்தோம். வியர்வையில் எழுதிய தாள்கள் இன்னும் அந்தக் கோப்பில் இருக்கின்றன. அறை வெப்பநிலை முனையையும் சுவர் வெப்பமானியை நம்பாமல், ஹீட்சிங்க்கிலிருந்து ஓரடி தள்ளி, அதன் அடிமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்தோம். மேலே வைத்தால் ஹீட்சிங்க்கிலிருந்து எழும் சூடான காற்றையே அறை என்று எடுத்துக்கொள்ளும்.

1.4-ஆ, 1.2-ஆ?

ஃபேன் இல்லாமல், செங்குத்தாக, 30 வாட்டில் 1.4. தாளில் 1.2. "விற்றவர் பொய் சொல்லியிருக்கிறார்" என்றார் முதலாளி. விற்றவருக்குப் போன் போடும் முன் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன். வேறு வாட்டுகளிலும் அளந்து பார்க்க வேண்டியிருந்தது.

15 வாட்டில் ஏற்றம் 24 டிகிரி, தடை 1.6. 30 வாட்டில் 1.4. 50 வாட் கொடுத்தால் நம் டிரான்சிஸ்டரின் ஜங்ஷன் 190-ஐ நெருங்கும், அதனால் அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் அலுமினியக் கூடு போட்ட வயர்வவுண்ட் ரெசிஸ்டரை மாட்டினோம். ஹீட்சிங்க்குக்கு வாட் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. முதலில் ரெசிஸ்டரில் 30 வாட் கொடுத்தபோது துளையின் அளவு டிரான்சிஸ்டரோடு ஒன்றரை டிகிரிக்குள் ஒத்தது, அதனால் நம்பினோம். 50 வாட்டில் ஏற்றம் 63, தடை 1.26.

இங்கேதான் விஷயம் விளங்கியது. காற்று தானாக எழுந்து போய் சூட்டைச் சுமக்கும் முறையில், ஹீட்சிங்க் சூடாக ஆகத்தான் காற்று வேகமாக எழும். அதனால் வாட் இரட்டித்தால் ஏற்றம் இரட்டிக்காது, ஏறக்குறைய 1.74 மடங்குதான் ஆகும். 24-ஐ 1.74-ஆல் பெருக்கினால் 42, நாம் அளந்தது அதேதான். கூடவே கருப்புப் பரப்பிலிருந்து கதிர்வீச்சும் சூட்டோடு கூடும். இந்தக் கோட்டை இன்னும் நீட்டினால் 60 வாட்டில் ஏற்றம் 73, தடை 1.2.

தாளை மறுபடி எடுத்து, கண்ணாடி போட்டுப் படித்தோம். அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: ஃபின்கள் செங்குத்து, அசையாத காற்று, ஏற்றம் 75 டிகிரி. விற்றவர் பொய் சொல்லவில்லை. ஒரு வளைகோட்டின் ஒரே ஒரு புள்ளியைச் சொல்லியிருந்தார், அதுவும் அவருக்குச் சாதகமான முனையில். அந்த நிபந்தனையில் நம் அளவும் அவர் அளவும் ஒத்துப்போயின. பட்டறையின் பிழை, 75 டிகிரி ஏற்றத்துக்கான எண்ணை 36 டிகிரி ஏற்றம் வரும் என்ற கணக்கில் போட்டது.

பெட்டியில் மாட்டியபடி

ஆனால் 1.4 போட்டாலும் ஜங்ஷன் 140-தான் வரும். 140-இல் பெட்டிகள் திரும்பி வரக்கூடாது. அதனால் மேசையை விட்டுவிட்டு, விற்பனைக்குப் போகும் பெட்டியிலேயே அளந்தோம். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பெட்டியில் ஃபின்கள் படுக்கையாக இருந்தன. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: ஃபியூஸ் ஹோல்டருக்கும் மெயின்ஸ் கம்பிக்கும் முதல் மாடலில் போட்ட துளைத் தகடு அப்படி அமைந்துவிட்டது, யாரும் பிறகு மாற்றவில்லை. படுக்கையான ஃபின்களுக்கு இடையே சூடான காற்று மேலே போக வழியில்லாமல் அடைந்து நிற்கும். 30 வாட்டில் ஹீட்சிங்க் 86 டிகிரி, ஏற்றம் 55, தடை 1.83.

அடுத்து மைக்கா. உறையின் சூட்டை அளக்க, ஹீட்சிங்க்கின் பின்புறமிருந்து டிரான்சிஸ்டரின் இரு பின்களுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் துளை போட்டு, மைக்காவிலும் அந்த இடத்தில் சிறு ஓட்டை எடுத்து, முனையை உறையின் அடிவயிற்றில் படும்படி பல்குச்சியால் அழுத்தி வைத்தோம். சில்லு உட்கார்ந்திருப்பது அங்கேதான். உறையின் காது ஓரத்தில் வைத்தால் குறைவாகத்தான் காட்டும்.

இதில் ஒரு தவறு நடந்தது. இரண்டு முனைகளையும் இரட்டைச் சானல் மீட்டர் ஒன்றில் போட்டிருந்தோம். TO-3 உறைதான் கலெக்டர், அதில் 20 வோல்ட். ஹீட்சிங்க் பெட்டியோடு சேர்ந்து எர்த்தில் இருக்கிறது, சப்ளையின் நெகட்டிவும் எர்த்தில். அந்த மீட்டரின் இரு சானல்களும் உள்ளே ஒன்றுக்கொன்று இணைப்புள்ளவை. சுவிட்சைப் போட்டதும் திரையில் எண்கள் தாறுமாறாக ஓடின, மெல்லிய கம்பி ஒன்று புகைந்தது. மீட்டர் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். அதன் பிறகு உறைக்கு ஒன்று, ஹீட்சிங்க்குக்கு ஒன்று என்று பேட்டரியில் ஓடும் தனித்தனி மீட்டர்களை வைத்துக்கொண்டோம்.

உறைக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே 24 டிகிரி. 30 வாட்டுக்கு 0.8. கணக்கில் போட்டது 0.4. கழற்றிப் பார்த்தால் மைக்காவின் ஒரு பக்கம் மட்டும் கிரீஸ், மறுபக்கம் கண்ணாடி போல் காய்ந்திருந்தது. திரும்பி வந்த பெட்டிகளிலும் அப்படியே. இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி மாட்டியபோது 12 டிகிரிக்கு இறங்கியது, சரியாக 0.4.

```
Tj = 40 + 30 × (1.83 + 0.8 + 1.52) = 165 °C
```

134 என்று நினைத்தது 165. மெயின்ஸ் 250 வோல்ட்டுக்குப் போனால் டிரான்சிஸ்டருக்கு முன்னால் 22 வோல்ட் வரும், 34 வாட், ஜங்ஷன் 180-ஐத் தொடும். ஆய்வகங்களில் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதை இதில் சேர்க்கவே இல்லை.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் பேசப்பட்டன. பெட்டியில் ஃபேன் வைப்பது: தூசி அடைத்து ஃபேன் நின்றால் நிலைமை இன்னும் மோசம், அதனால் வேண்டாம் என்றோம். இரண்டு 2N3055-ஐ இணையாகப் போடுவது: ஜங்ஷனுக்கும் மைக்காவுக்கும் நல்லது, ஆனால் போர்டை மாற்ற வேண்டும், ஹீட்சிங்க்கின் 1.83-இல் ஒன்றும் குறையாது. ஹீட்சிங்க்கைத் தொண்ணூறு டிகிரி திருப்புவது: ஃபியூஸ் ஹோல்டரை நகர்த்தினால் போதும்.

திருப்புவதையும், இரு பக்க கிரீஸையும், பின்பலகையில் 25 மில்லிமீட்டர் ரப்பர் முட்டுகளையும் தேர்ந்தெடுத்தோம். முட்டு இருந்தால் பெட்டியைச் சுவரோடு ஒட்ட முடியாது.

பின்விளைவு

திருப்பிய பெட்டியில் 30 வாட்டுக்கு ஏற்றம் 44, தடை 1.47. மரச்சட்டத்தில் வந்த 1.4-ஐவிடக் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் பெட்டி ஒரு பக்கக் காற்றை மறைக்கிறது, உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகிறது. ஜங்ஷன் கணக்கு 142. மெயின்ஸ் 250 வோல்ட்டில் 155 வரை போகும், பட்டறையின் எல்லையை 5 டிகிரி தாண்டுகிறது. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். அடுத்த கோடையில் புதிய பெட்டிகளில் ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் போனவை குறைவு, அதனால் அந்த மூன்று டிரான்சிஸ்டர்களையும் கொன்றது இந்தச் சூடுதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 165 டிகிரி மட்டுமே 2N3055-ஐ உடனே கொல்லாது. தினமும் ஏறி இறங்கும் சூட்டில் சில்லுக்கு அடியில் உள்ள ஈயப்பற்று களைத்து விரிசல் விட்டிருக்கலாம், அப்படியானால் 1.52 என்ற எண்ணும் நாளடைவில் கூடியிருக்கும். அதை நாங்கள் அளக்கவில்லை.

மறுபடி செய்தால்

மரச்சட்டத்தில் தொடங்காமல் பெட்டியிலிருந்து தொடங்குவேன். மேசையில் செலவழித்த நான்கு ஞாயிறுகள் டேட்டாஷீட்டைப் புரிந்துகொள்ள உதவின, பழுதைக் கண்டுபிடித்தது என்னவோ பெட்டிக்குள் போட்ட இரண்டு துளைகள்தான். ஜங்ஷனுக்கும், பேஸ் எமிட்டர் வோல்ட்டேஜ் சூட்டோடு டிகிரிக்கு சுமார் 2 மில்லிவோல்ட் குறைவதை வைத்து மறைமுகமாக அளக்க ஒரு சுற்று கட்டுவேன்.

துளைத் தகடு மாற்றப்பட்டுவிட்டது. பழையதை முதலாளி தூக்கி எறியவில்லை, சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அதன் மேல் மார்க்கரில் 1.83 என்று எழுதியது அந்தப் பையன்.